தாளிக்கும்போது புகைகிறது, சிப்ஸ் வறுக்கும்போது புகைவதில்லை: உங்கள் அடுப்பில் எப்படி?

தக்கலை அக்கா

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்தான். சென்னையில் இருக்கும் மகள் ஊருக்கு வந்தபோது, அதன் புகைநிலை ஏறக்குறைய 175 டிகிரிதான், அதனால் அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொள், பொரிப்பதற்கு ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் வாங்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். என் அடுப்பில் நடப்பது நேர்மாறு. தீயலுக்குத் தாளிக்கும்போதுதான் அடுக்களை முழுவதும் புகை, கண் எரிச்சல், இருமல். அதே எண்ணெயில் ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்தால் புகையே எழுவதில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வடசேரி வாசகர்

மகள் சொன்னது சரி. ரீஃபைண்டு சூரியகாந்தி 225 டிகிரியைத் தாண்டித்தான் புகையும். எண் கூடக் கூட உடம்புக்கு நல்லது. நான் மாறி வெகுநாளாகிறது. எண்ணெய் கறுப்பதும் இல்லை. வடை சுட்ட எண்ணெயில் புது எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி மாதம் முழுவதும் ஓட்டுகிறேன், ஒருநாளும் புகைந்ததில்லை.

மார்த்தாண்டம் சிப்ஸ் கடை

அக்கா, உங்கள் கண் பார்த்தது சரிதான். அப்பா காலத்திலிருந்து ஏத்தங்காய் சிப்ஸ்தான் எங்கள் பிழைப்பு, அதனால் என் அடுப்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

வார்ப்பில் இருபது லிட்டர் தேங்காய் எண்ணெய் இருக்கும். வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 170, 175 டிகிரி காட்டும்போது காயை நேராக எண்ணெய்க்குள் சீவுவோம். பச்சைக் காயில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால், முள் 150க்கு அருகே இறங்கி அங்கேயே நிற்கும். அடுப்பு முழு வேகத்தில் எரிந்தாலும் சட்டென்று ஏறாது. சலசலவென்ற கொதி அடங்கி, சிப்ஸ் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்கும்போது மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைத் தெளிப்போம். மறுபடி ஒரு சீறல் எழும். அது அடங்கியதும் அரித்து எடுத்துவிடுவோம். காய் போட்டதிலிருந்து எடுக்கும்வரை எண்ணெய் புகைநிலையைத் தொடுவதே இல்லை. காயை எடுத்த பிறகு, அடுத்த சீவலுக்கு முன், தீயைத் தணிக்காமல் விட்டால்தான் புகை எழும்.

தாளிப்பில் இது எதுவும் கிடையாது. சட்டியில் இருப்பது இரண்டு கரண்டி எண்ணெய். அதில் தண்ணீர் இல்லை, சூட்டை வாங்கிக்கொள்ள வேறு பண்டமும் இல்லை. சட்டியும் மெல்லியது. முழுத் தீயில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே 200 டிகிரியைத் தாண்டிவிடும். உங்களுக்குப் புகைவது அதனால்தான்.

குளச்சல் தம்பி

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தேங்காய் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அண்ணாச்சி சொல்வதைப் பார்த்தால், புகையாமல் பொரித்தால் அப்பாவுக்கு நெத்திலி பொரித்துக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? மீன் பொரிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஆரல்வாய்மொழி, ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்

தம்பி, அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். புகைநிலை என்பது எண்ணெய் சூட்டில் எப்போது உடைகிறது என்பதைப் பற்றியது. உங்கள் மருத்துவர் பார்ப்பது எண்ணெயின் கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது இரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லைக் கூட்டும். புகையாமல் பொரித்தாலும் அந்தக் கொழுப்பு அப்படியே இருக்கும். அப்பாவுக்கு எவ்வளவு, எந்த எண்ணெய் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

இதே கொழுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு சூட்டிலும் காற்றிலும் எளிதில் கெடாது. சூரியகாந்தி எண்ணெய் அப்படியல்ல. வடசேரி அண்ணன் சொன்ன எண் சரி, ஆனால் அது புது எண்ணெயில் எடுத்த அளவு. சுத்திகரிக்கும்போது கொழுப்பு அமிலங்களை நீக்கிவிடுவதால் புகைநிலை ஏறுகிறது. ஒருமுறை வடை சுட்டாலே மாவின் ஈரமும் துகளும் அந்த அமிலங்களைத் திரும்ப உண்டாக்க, புகைநிலை இறங்கத் தொடங்கும். அது மட்டுமல்ல, சூரியகாந்தியின் கொழுப்பு நீண்ட நேரச் சூட்டில் புகை காட்டாமலேயே உடைந்து வேண்டாத பொருள்களை உண்டாக்கும். புகை வரவில்லை என்பதை வைத்து மாதம் முழுவதும் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆய்வகத்தில் நாங்கள் அளந்தது மொத்தத் துருவச் சேர்மங்கள் என்பதை. எண்ணெய் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை அது காட்டும். 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மிளகாய்ப்பொடி தடவிய மீன் பொரித்தால் நல்ல எண்ணெயும் சிவந்துவிடும்.

வடசேரி வாசகர்

ஆய்வகக் கருவி வீட்டில் ஏது? எதைப் பார்த்துக் கொட்டுவது?

மார்த்தாண்டம் சிப்ஸ் கடை

நுரையைப் பாருங்கள் அண்ணாச்சி. நல்ல எண்ணெயில் எழும் கொப்புளம் பெரிதாக வந்து உடனே உடையும். கெட்ட எண்ணெயில் பொடிநுரை சட்டி விளிம்பு வரை ஏறி, பண்டத்தை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். கரண்டியில் மொண்டு சாய்த்தால் இழுபட்டு ஒழுகும். முன்பு புகையாத சூட்டிலேயே புகையும். தேங்காய் எண்ணெயானால் சிப்ஸில் சோப்பு ருசி தட்டும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கொட்டிவிடுங்கள், அதன்மேல் புது எண்ணெய் ஊற்றாதீர்கள். ஊற்றினால் புதியதும் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தேங்காய் எண்ணெயில் பாமாயிலோ சூரியகாந்தியோ கலந்தால், புது எண்ணெயிலும் நுரை பொங்கும். பொரிக்கும் சட்டியில் இரண்டையும் கலக்காதீர்கள். பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும்.

தக்கலை அக்கா

தாளிப்புக்கு எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை என்று புரிகிறது. சிறு தீயில் வைத்து, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போதே கடுகைப் போட்டுப் பார்த்தேன். கடுகு வெடித்து முடிந்ததும் தீயை அணைத்துவிட்டு வற்றல் மிளகாய், அதன்பின் கறிவேப்பிலை. இலையின் ஈரத்தில் சூடு இறங்கிவிடுகிறது. மிளகாய் கறுக்கவில்லை, இருமலும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். புதிதாக ஆட்டி வந்த எண்ணெய் கலங்கலாக இருந்தால் சிறு தீயிலும் சீக்கிரம் புகைகிறது.

ஆரல்வாய்மொழி, ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்

அது அடியில் தங்கும் மண்டி கருகுவதால். சில நாள் அசையாமல் வைத்துத் தெளிந்த பிறகு மேலாக ஊற்றி எடுங்கள். அவியலில் கடைசியாக விடும் பச்சை எண்ணெய்க்கு இந்தக் கவலையே இல்லை, அது அடுப்பைப் பார்ப்பதில்லை.

தாளிப்பில் எண்ணெய் புகைந்துவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கண்ணை எரிப்பது அக்ரோலின் என்ற பொருள், எண்ணெய் உடைவதால் வருவது. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அந்தப் புகை வெளியேற ஒரு ஜன்னலாவது வேண்டும்.

குளச்சல் தம்பி

அப்பாவின் மருத்துவரிடம் கேட்டேன். நெத்திலியைக் குழம்பாக வைக்கச் சொன்னார், பொரிப்பதானால் எப்போதாவது, தோசைக்கல்லில் கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டு. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வடசேரி வாசகர்

மாத எண்ணெயை இன்று மொண்டு சாய்த்துப் பார்த்தேன், இழுபட்டு ஒழுகுகிறது. நுரை மட்டும் இல்லை. சூரியகாந்தியில் நுரை பிந்தித்தான் வருமா, கடைக்காரரே?