மே மாதம் 24-ல் சரியாக இருந்த அலுவலக ஏசி, மழைக்காலத்தில் அதே 24-ல் பிசுபிசுக்கிறது. என்ன வைக்கலாம்?

கிண்டிஅட்மின்
சென்னை, மூன்றாம் மாடி, சுமார் 600 சதுர அடி ஹால், 14 பேர். 2 டன் ஸ்பிளிட் ஏசி இரண்டு, இரண்டுமே இன்வெர்ட்டர் இல்லாத பழைய மெஷின்கள். கோடை முழுக்க 24 வைத்திருந்தோம், யாரும் குறை சொல்லவில்லை. மழை தொடங்கியதிலிருந்து அதே 24-ல் பாதிப் பேருக்குக் கசகசப்பு, காகிதம்கூடத் தளர்ந்து போகிறது. ஏசிக்கு நேர் கீழே உட்காரும் இரண்டு பேருக்கோ குளிர் தாங்கவில்லை. ஒருவர் 20 வைக்கிறார், இன்னொருவர் 27 வைக்கிறார். ஃபில்டர் போன வாரம்தான் கழுவினோம். எந்த எண்ணில் நிறுத்துவது?

ராஜா_மதுரை
கேஸ் குறைஞ்சிருக்கும். முதல்ல பிரஷர் செக் பண்ணச் சொல்லுங்க.

கிண்டிஅட்மின்
குளிரவில்லை என்பது பிரச்சினை இல்லை சார். பத்தே நிமிடத்தில் 24-க்கு வந்து கம்ப்ரசர் நின்றுவிடுகிறது.

குளிர்நுட்பர்
நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். உங்களுடையது சீக்கிரமே நிற்கிறது.

மே மாதம் வெளியே 38, 40. நான்கு டன்னும் மதியம் முழுக்க ஓய்வில்லாமல் ஓடியிருக்கும். மெஷினுக்குள் குளிரும் குழாய்ச் சுருளான காயில் எப்போதும் ஜில்லென்று இருப்பதால் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து டிரெயின் பைப் வழியே போய்க்கொண்டே இருக்கும். இப்போது வெளியே 27. அறைக்குத் தேவையான குளிர் பாதிதான், ஈரமோ அதிகம். இரண்டு மெஷினும் சேர்ந்து பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு நிற்கின்றன. ஆனால் உள்ளே ஃபேன் நிற்பதில்லை. காயிலில் தங்கிய தண்ணீரை அதே காற்று உறிஞ்சித் திரும்ப அறைக்குள் விடுகிறது. கம்ப்ரசர் நின்றதும் லேசாக ஒரு ஈரவாடை வந்தால், நடப்பது இதுதான்.

பார்ப்பதற்கு எளிய வழி: டிரெயின் பைப் முனையில் ஒரு வாளி வையுங்கள். 2 டன் மெஷின் ஈரமான நாளில் விடாமல் ஓடினால் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். உங்களுடையது கொஞ்சம் சொட்டி, நின்று, மறுபடி சொட்டும்.

நீலவானம்77
டிரை மோடு போட்டா முடிஞ்சது. அதுக்குத்தானே அந்தப் பட்டனே இருக்கு. அப்புறம் 24-தான் சரின்னு அரசாங்கமே சொல்லியிருக்கு.

குளிர்நுட்பர்
டிரை மோடு பாதி சரி. ஃபேனை மெதுவாக்குவதால் காயில் இன்னும் குளிர்ந்து ஈரத்தை நன்றாக இழுக்கும். பல மெஷின்களில் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நிற்கும் அல்லது மிக மெதுவாகும். இரவில் இரண்டு பேர் படுக்கும் அறைக்கு அருமை. ஆனால் 14 பேரும் 14 கம்ப்யூட்டரும் உள்ள ஹாலில் மதியம் அது ஈடு கொடுக்காது, வெப்பம் ஏறிக்கொண்டே போகும். காலை ஆட்கள் வருமுன் அரை மணி நேரம் போடலாம்.

24 பற்றி: 2020 ஜனவரியிலிருந்து ஏசியை ஆன் செய்தால் தானாக 24-ல் தொடங்கும்படி வைத்தார்கள், மின்சாரச் சிக்கனத்துக்காக. எல்லாருக்கும் இதமான அளவு அதுதான் என்று பொருள் இல்லை. அதோடு, ரிமோட்டில் தெரிவது நீங்கள் கேட்ட அளவு. மெஷின் அளப்பது ஏழடி உயரத்தில், தான் உள்ளே இழுக்கும் காற்றை. மேஜை மட்டத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று வாங்கி ஹாலின் நடுவே மேஜையில் வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு ஏசியை முழுவதுமாக நிறுத்துங்கள். மற்றதை 25-ல், ஃபேன் நடுத்தர வேகத்தில் விடுங்கள். அது ஒன்றே நீண்ட நேரம் ஓடி ஈரத்தை எடுக்கும். சீலிங் ஃபேன் இருந்தால் 1 அல்லது 2-ல் போடுங்கள். குளிர் மறுபக்கம் போகவும் அது வேண்டும். உடம்பில் மெல்லிய காற்று பட்டால் 26 டிகிரிகூட, அசையாத காற்றில் 24 இருப்பதுபோலத் தோன்றும்.

மழைக்குருவி
நான் எங்கள் ஆபீசில் ஏசிக்குக் கீழே உட்காரும் ஆள், அதனால் கேட்கிறேன். காட்டன் புடவையில் எனக்குக் கழுத்து விறைக்கிறது. பக்கத்து சீட்காரர் பனியன், முழுக்கைச் சட்டை, ஷூவோடு வியர்க்கிறது என்கிறார். இதற்கு எந்த டிகிரி பதில் சொல்லும்?

குளிர்நுட்பர்
எந்த டிகிரியும் சொல்லாதுங்க. ஒரு மெல்லிய ஸ்வெட்டர் ஏறக்குறைய இரண்டு டிகிரிக்குச் சமம். உடையிலேயே உங்கள் இருவருக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் வரலாம். அதற்கு மேல் உங்கள் கழுத்தில் நேராகக் காற்று அடிக்கிறது. டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, உட்கார்ந்த நிலையில் கழுத்து உயரத்தில் பிடித்துப் பாருங்கள். விடாமல் படபடத்தால் குளிருக்குக் காரணம் காற்றுதான், எண் இல்லை. ஸ்விங்கை நிறுத்தி ஃப்ளாப்பைக் கிடைமட்டமாக வையுங்கள், காற்று சீலிங்கை ஒட்டிப் போய்ப் பரவி இறங்கும். ஆனால் ஃப்ளாப்பை ஒட்டித் திரையோ அலமாரியோ இருந்தால் குளிர்காற்று திரும்பி மெஷினுக்குள்ளேயே போகும். அறை குளிருமுன் சென்சார் ஏமாந்து கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

பக்கத்து சீட்காரர் வெயிலிலோ வண்டியிலோ வந்தவர் என்றால் முதல் அரை மணி நேரம் ரிமோட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். உடம்பு ஆற அவ்வளவு நேரம் வேண்டும்.

கிண்டிஅட்மின்
மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் பழையபடி இரண்டு ஏசியும் 24-ல்: மேஜையில் 24.1 டிகிரி, ஈரப்பதம் 76 சதவீதம். அடுத்த நாள் ஒரே ஏசி 25-ல், சீலிங் ஃபேன் 2-ல்: 11 மணிக்கு 25.4, ஈரப்பதம் 59. வாளியில் தண்ணீர் விடாமல் விழுந்தது. கசகசப்பு என்று யாரும் சொல்லவில்லை, குளிர் என்று ஒருவர் மட்டும். ஃப்ளாப்பை மேலே திருப்பியதும் அவரும் சரி. மூன்றாம் நாள் மதியம் மழை விட்டு வெயில் வந்ததும் 27.2 ஆகிவிட்டது, இரண்டாவதையும் போட வேண்டியதாயிற்று.

குளிர்நுட்பர்
அப்படித்தான் செய்ய வேண்டும். மேஜை மீட்டர் 26.5-ஐத் தாண்டினால் இரண்டாவது, அதுவும் 26-ல். அது உச்சி வேளைக்கு மட்டும் கைகொடுக்கும். ஒன்று கேட்க வேண்டும்: பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க ஓடுகிறதா? வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, கதவு இடுக்கு வழியே ஈரக்காற்று உள்ளே வரும்.

கிண்டிஅட்மின்
நாள் முழுக்க ஓடுகிறது. நிறுத்திவிடவா?

நீலவானம்77
நிறுத்தினா 14 பேர் விடுற மூச்சு எங்க போகும்? ஜன்னல் எல்லாம் மூடித்தானே இருக்கு.

குளிர்நுட்பர்
அந்தக் கேள்வி நியாயம்தான். முழுக்க நிறுத்தாதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் என்று டைமரில் விட்டு, ஈரப்பதம் எவ்வளவு இறங்குகிறது, மதியம் ஆட்களுக்குத் தலை பாரமாக இருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.