34:35 ஏன் 10:35 ஆனது? duration என்பதற்குத் தமிழ்

உப்புவெளியிலிருந்து, சம்பளப் பதிவாளர்:
ஐஸ் தொழிற்சாலைக் காவலாளி ஒருவரின் மூன்று இரவுகள்: 11:20, 12:45, 10:30. கூட்டினால் 34:35 வரவேண்டும். விரிதாளோ 10:35 என்கிறது. ஒரு நாள் எங்கோ கரைந்துவிட்டது. இதைத் தமிழ்க் கையேட்டில் விளக்க, time, duration இரண்டையும் ‘நேரம்’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, ‘நாழிகை’ இருக்கிறதே! நாளுக்கு அறுபது, ஒன்றுக்கு 24 நிமிடம்.

கல்லூரி மாணவர்:
ஐயா, அது அலகின் பெயரல்லவா? அண்ணா, நிரலை எழுத்து வடிவுக்கு மாற்றி 34:35 என்றே தட்டிவிடுங்கள், அப்படியே நிற்கும்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
நிற்கும், ஆனால் கூட்டல் நடக்காது. எழுத்தாகிப்போன கலங்களை `SUM` தாண்டிப் போகும். எல்லாம் எழுத்தென்றால் விடை 0. இடப்புறம் ஒட்டி நிற்பதைக் கண்டாலே சந்தேகப்படுங்கள்.

உண்மையில் எதுவும் கரையவில்லை. விரிதாளுக்கு ஒரு நாள் என்பது 1. உங்கள் கூட்டுத்தொகை உள்ளே ஏறத்தாழ 1.441 ஆகப் பத்திரமாக இருக்கிறது. `HH:MM` கடிகார முகம். முழுநாளை விட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. கூட்டுத்தொகைக் கலத்தில் Ctrl+1 அழுத்தி இதைக் கொடுங்கள்:

```
[HH]:MM
```

சம்பளத்தில்தான் கவனம் வேண்டும். மணிக்கு 400 ரூபா என்று நேரே பெருக்கினால் 576.39 வரும், பாவம் காவலாளி. நாளை மணியாக்க 24 ஆல் பெருக்கி, அந்தக் கலத்தைச் சாதாரண எண் வடிவில் வையுங்கள். 13,833.33 வரும்.

```
=SUM(C2:C4)*24*400
```

கிண்ணியாவிலிருந்து:
எனக்கும் இதே சிக்கல். இரவு 8 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறார். கழித்தால் மறைப்பெறுமானம் வருகிறது.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
அது வேறு சிக்கல். `=MOD(B2-A2,1)` போடுங்கள், 10 மணித்தியாலம் கிடைக்கும். ஒரே முறை 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருந்தால் இது பொய் சொல்லும். அப்போது வருகையிலும் புறப்பாட்டிலும் தேதியையும் சேர்த்துப் பதியவேண்டும்.

எழுதும்போதுதான் கவனித்தேன்: ‘10 மணி’ கடிகாரம், ‘10 மணித்தியாலம்’ நீளம். நம் பேச்சிலேயே வேறுபாடு இருக்கிறது. duration-ஐ ‘மணித்தியாலத் தொகை’ எனலாமா?

சென்னையிலிருந்து:
இங்கே ‘மணி நேரம்’ என்றால்தான் புரியும். மேலும் `[MM]` கொடுத்தால் அதே தொகை 2075 நிமிடமாகத் தெரியும், அப்போதும் மணித்தியாலமா? ‘கால நீளம்’ என் தெரிவு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
காலத்துக்கு நீளமா? ‘கால அளவு’ போதும்.

உப்புவெளியிலிருந்து, சம்பளப் பதிவாளர்:
34:35 வந்துவிட்டது, நன்றி. கையேட்டில் இப்போதைக்கு ‘கடிகார நேரம்’, ‘கால நீளம்’ என்று எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா கோபிக்கவேண்டாம். ‘கால அளவு’ என்று எழுதியபோது எங்கள் காசாளர் அதைச் சம்பளக் காலம், அதாவது மாதம், என்று வாசித்தார்.