சுப்பிரமணிய ஐயர் ஒருவரா, இருவரா?

கரிசல்: ‘தி இந்து’ பத்திரிகையைத் தொடங்கிய சுப்பிரமணிய ஐயர், 1917-ல் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார் என்று ஒரு மலரில் படித்தேன். சரிதானா?

தாள்கட்டு: எப்படி எழுதியிருப்பார்? பத்திரிகைக்காரரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1916 ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். கடிதம் எழுதியவர் எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்துக்கு அப்போது அவர்தான் கௌரவத் தலைவர். கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஹாட்ச்னர் தம்பதி.

வக்கீல்குமாஸ்தா: இதில் குழப்பமே வேண்டாம். காங்கிரஸ் என்றால் ஜி., கோர்ட் என்றால் எஸ். நீதிபதி எங்கே காங்கிரஸுக்குப் போவார்?

தாள்கட்டு: அங்கேதான் சறுக்குகிறீர்கள். 1885 பம்பாய் காங்கிரஸில் இருவருமே இருந்தார்கள். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி. அன்று எஸ். வக்கீல்; நீதிபதியானது 1895-ல்தான். கோர்ட் கணக்கும் உதைக்கும்: 1908-ல் ராஜத்துரோக வழக்கில் கைதானவர் ஜி.! எஸ். அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார்.

வக்கீல்குமாஸ்தா: 1885 சரி, ஒப்புக்கொள்கிறேன். 1895-க்குப் பிறகு என் கணக்குப் பலிக்குமே?

தாள்கட்டு: 1907 வரைக்கும் பலிக்கும். அதன்பின் எஸ். மறுபடி அரசியலுக்கு வந்துவிடுகிறாரே.

பரண்மேல்: எங்கள் வீட்டில் ஒரு பழைய நோட்டீஸ் இருக்கிறது. “ஸ்ரீ சுப்பிரமணிய ஐயர் தலைமையில்” விதவா விவாகம் பற்றிய கூட்டம். வருஷம் இருந்த மூலை கிழிந்துவிட்டது. ‘சர்’ பட்டம் போடவில்லை, எனவே இது ஜி.தானே? மணி ஐயர் என்று இன்னொருவரையும் தாத்தா சொல்வார், அவர் மூன்றாமவரா?

தாள்கட்டு: மணி ஐயர் என்பது எஸ்.ஸின் வழக்குப் பெயர்தான். நோட்டீஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எஸ்.ஸுக்கு ‘சர்’ கிடைத்தது 1900-ல். வில்சன் கடிதம் வெளியே வந்து கண்டனம் கிளம்பியதும் 1918-ல் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1924 வரை வாழ்ந்தவர். ஆக, ‘சர்’ இருந்தால் எஸ். என்று சொல்லலாம், இல்லாததை வைத்து ஜி. என்று சொல்ல முடியாது.

கரிசல்: ஆனால் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தவர் ஜி. அல்லவா?

தாள்கட்டு: ஆமாம், 1889-ல், பம்பாய் காங்கிரஸ் நடந்த சமயம். ஊரே ஒதுக்கிவைத்தது. விஷயம் ஜி. பக்கம் சாய்கிறது. ஆனாலும் சாய்வுதான், சான்று ஆகாது.

வக்கீல்குமாஸ்தா: எனக்கு அதுவே போதும். ஜி.தான்.

தாள்கட்டு: எனக்குப் போதாது. நோட்டீஸின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அது எந்தெந்த வருஷங்களில் நடந்தது என்று தெரிந்தாலே பாதி தீர்ந்துவிடும்.

பரண்மேல்: அடிப்பகுதி நன்றாக இருக்கிறது. நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.