உதட்டோரத்தில் ‘போல்’ இருந்தால் என்ன?

களிமண்கை: ஸ்கேன் செய்த தலைக்குக் கையால் ரீடோப்பாலஜி செய்வது, அதாவது மெஷ்ஷை ஒழுங்கான சதுரங்களாக மறுபடி பின்னுவது, வெட்டி வேலை. கண்ணையும் வாயையும் சுற்றி கைடு கர்வ் போட்டு, அதைத் தானாகப் பின்னிவிடும் ZBrush-இன் ZRemesher-ஐ ஓட்டினால் ஐந்து நிமிடம். அனிமேஷனுக்கு அது போதும். நான்குக்குப் பதில் மூன்றோ ஐந்தோ எட்ஜ் கோடுகள் கூடும் புள்ளி, அந்தப் ‘போல்’ எங்கே விழுந்தால் என்ன?

சதுரன்: யாருக்குப் போதும்? நேற்று இதே மாதிரி ‘ஐந்து நிமிட’த் தலை ஒன்று ரிக்கிங்குக்கு என்னிடம் வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பிளெண்டரில் திறந்து, உதட்டிலிருந்து மூன்றாவது வளையத்தில் Alt பிடித்து ஒரு கிளிக். தேர்வான எட்ஜ் லூப் வாயைச் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்குத் திரும்பவில்லை. இடது ஓரத்தில் ஒரு வரிசை இறங்கி, அடுத்த சுற்றில் இன்னொன்று இறங்கி, கடைசியில் தாடைக்கடியில் கழுத்துக்கே போய்விட்டது. வளையமா அது? கொசுவத்திச் சுருள். வலது உதட்டோரத்திலேயே ஐந்து எட்ஜ் கூடும் ஒரு போல் வேறு. வாயைத் திறந்தேன், அந்த இடத்தில் மிளகு ஒட்டினாற்போல ஒரு புடைப்பு.

களிமண்கை: கைடு போடத் தெரியாதவன் செய்த தலை அது. என் மெஷ்ஷில் சுருள் வராது. போல் இருக்கும், சரி. கண் வளையமும் வாய் வளையமும் ஒன்றையொன்று சந்திக்கும்போது போல் வந்தே தீரும். உங்கள் மெஷ்ஷில் இல்லையா?

சதுரன்: இருக்கிறது, கன்னத்தில். நான் கேட்பது எங்கே என்று. ‘ஊ’ சொல்லிவிட்டு ‘ஈ’ சொல்லிப் பாருங்கள், முகத்திலேயே அதிகம் இழுபடுவது உதட்டோரம்தான். அங்கே போல் இருந்தால், மெஷ்ஷை வழுவழுப்பாக்க சப்டிவிஷன் போட்டதும் சுற்றியுள்ள பரப்பு அந்தப் புள்ளியைக் கிள்ளிப் பிடிக்கும். மூன்று நான்கு வளையம் வெளியே, சிரிப்புக்கோட்டுக்கு அப்பால் தள்ளினால் அந்தப் போல் இருக்கிற இடமே தெரியாது.

நடுநிசி: எனக்கும் இதே பிரச்சினை. தாத்தா தலையை ஸ்கேன் செய்து 3டி பிரிண்ட் போட்டேன், வாயோரம் ஓட்டை விழுந்துவிட்டது. போல்தான் காரணமா?

சதுரன்: பிரிண்டுக்கு லூப்பே வேண்டாம் ஐயா. உங்கள் தாத்தா வாயைத் திறந்து பேசப் போவதில்லை.

நடுநிசி: பெரியவரைப் பற்றி இப்படிப் பேசுவது நன்றாக இல்லை.

மீனலோசனி: எல்லாரும் வாயிலேயே நிற்கிறீர்கள், கண்ணை யார் பார்ப்பது? ஸ்கேனில் இமை விழியோடு ஒட்டிப்போய், இமைமுடியெல்லாம் கட்டிகட்டியாக வந்திருக்கும். ZRemesher அதையும் தோல் என்றே நம்பிவிடும். எனக்கு வந்த ஒரு தலையில் மேலிமை விளிம்பில் 14 வெர்டெக்ஸ், கீழிமையில் 11. கண்ணை மூடினால் மூன்றுக்கு ஜோடியில்லை, ரம்பப் பல் மாதிரி இடைவெளி. விழி இருக்கும் இடத்தில் ஒரு கோளத்தை வைத்து, விளிம்பை அதன்மேல் கையால் வரைந்து, இரண்டு பக்கமும் 14 ஆக்கி, இமைக்குத் தடிமனும் கொடுத்த பிறகுதான் கண் மூடியது. சுருளைவிட இதில்தான் எனக்கு நேரம் போயிற்று.

இன்னொன்று. வாய் மூடியிருக்கும் ஸ்கேனில், புது மெஷ்ஷை ஸ்கேன்மேல் ஒட்டவைக்கும் Shrinkwrap போட்டால் மேலுதட்டின் உள்வரிசை கீழுதட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசையை வெர்டெக்ஸ் குரூப் வைத்து விலக்கிவிட்டு, உள்ளே கையால் மடித்துவிடுகிறேன்.

களிமண்கை: இது நல்ல தகவல், நன்றி. ஆனால் கண்ணின் உள்மூலையில் எல்லாரும் ஒரு போல் வைக்கிறீர்களே, அங்கே மட்டும் ஆகுமா?

சதுரன்: அது அசையாத மூலை.

களிமண்கை: அசையாதா? கண்ணை இடுக்கிக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள்.

சதுரன்: உதட்டோரம் அளவுக்கு அசையாது. உதட்டோரத்தில் போல் கூடாது, அவ்வளவுதான்.

களிமண்கை: போன வருடம் என் பேஸ் மெஷ்ஷை வாங்கி உங்கள் ஷோரீலில் போட்டபோது அந்தப் போல் உறுத்தவில்லையோ? பெயர்கூடப் போடவில்லை.

சதுரன்: அதில் உதட்டோரப் போலைப் பிடுங்கி கன்னத்தில் நட்டதே நான்தான். பாதி ராத்திரி போயிற்று.

மீனலோசனி: ஒன்று கேட்கட்டுமா? மூன்று நான்கு வளையம் தள்ளு என்கிறீர்கள். கேமுக்கு வாயைச் சுற்றி மொத்தமே நான்கு வளையம்தான் கிடைக்கிறது. அப்போது போல் நேராகச் சிரிப்புக்கோட்டின் மேலேயே உட்காருமே, மடியும் இடத்தில்?

சதுரன்: அதற்கும் உதட்டோரத்துக்கும் என்ன சம்பந்தம்? முதலில் களிமண்கை தன் ‘ஐந்து நிமிட’த் தலையின் எட்ஜ் கோடெல்லாம் தெரியும் வயர்ஃபிரேமைப் போடட்டும். சிரிக்கிற போஸில்.

களிமண்கை: ரெண்டரைப் போடுகிறேன், அதில் போல் எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

சதுரன்: ரெண்டரில் யாரும் வாயைத் திறப்பதில்லை. வயர்ஃபிரேம்.

நடுநிசி: அந்த ஓட்டைக்கு என்ன செய்வது என்று யாருமே சொல்லவில்லை.