பிரைன்விட்டா: மேலே தனியாக நிற்கும் கோலி செத்ததா, இல்லையா?

போன திரியில் பண்ணைக்காட்டான் எழுதியது: “மேல் கையில் நடுக்கோலி மட்டும் தனியாக நின்றுவிட்டால் அது செத்த கோலி. பலகையைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குங்கள்.”

குன்னூர்க்காரன்: செத்த கோலியாம்! 33 குழிப் பலகையை எடுத்து வையுங்கள். மேலிருந்து ஏழு வரிசை, இடமிருந்து ஏழு பத்தி, மூலையில் குழி இல்லாத இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள்; முதல் எண் வரிசை, அடுத்தது பத்தி. காலியாக இருக்கும் நடுக்குழி 4-4. முதலில் 2-4 கீழே தாண்டி 4-4இல் உட்காரட்டும். அப்புறம் 3-2 தாண்டி 3-4க்கு, 1-3 தாண்டி 3-3க்கு, 3-4இல் இருப்பது அதையும் தாண்டிப் பழைய 3-2க்கே. இடப்பக்கம் மேலிருந்து கீழாக நின்ற மூன்று கோலியும் போயிற்று, போய் வந்த கோலி தன் வீட்டில். வலப்பக்கமும் 3-6ஐ வைத்து இதே மாதிரி செய்தால் 1-4 ஒண்டியாக நிற்கும். இங்கேதான் இவர் பலகையைக் கலைக்கிறார்.

இப்போது 5-3ஐ மேலே 3-3க்குத் தாண்ட விடுங்கள். 3-2 அதைத் தாண்டி 3-4க்கு. 4-4 அதைத் தாண்டி 2-4க்கு. பக்கத்தில் ஆள் வந்தாயிற்று, 1-4 தாண்டி 3-4இல் இறங்கும். செத்தது எழுந்து நடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காட்டான்: நீலகிரிக்காரர் வந்துவிட்டார், இனி நாங்கள் வாயை மூட வேண்டியதுதான். ஒன்றைக் காப்பாற்ற 3-2ஐ இழுத்துவிட்டீர்களே, இப்போது 3-1க்குப் பக்கத்தில் யார்? அது செத்ததா இல்லையா?

கோத்தகிரி டீச்சர்: பண்ணைக்காட்டார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பிள்ளைகளிடம் நான் ஓரத்தை முதலில் காலி செய்யச் சொல்வேன். நடுவில் கோலி குறைந்தபின் ஓரத்தில் நிற்பதை எடுக்க ஆள் கிடைக்காது. ஓரத்தை முடித்தால் ஆட்டம் தானாக முடியும்.

குன்னூர்க்காரன்: தானாக எதுவும் முடியாது டீச்சர். ஓரத்துக் கோலியை எடுக்கப் போகும் கோலி திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வித்தை. பண்ணைக்காட்டாருக்கு: 5-2 மேலே தாண்டி 3-2க்கு வரட்டும். 3-1 அதைத் தாண்டி 3-3க்கு. நாம் காப்பாற்றினோமே, 3-4இல் நிற்கும் அந்த “செத்த” கோலி, அது தாண்டி 3-2க்கு. 5-1 மேலே தாண்டி 3-1க்கு, அங்கிருந்து 3-2ஐத் தாண்டி 3-3க்கு. இடக்கை முழுதும் சுத்தம். செத்த கோலிதான் மற்றதைக் காப்பாற்றியது.

ஏரிச்சாலை: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மரப்பலகை ஒன்று இருக்கிறது. மழை விடாத நாளில் நானும் தம்பியும் நடுக்குழியைக் காலியாக வைத்து எத்தனையோ முறை ஆடிவிட்டோம், கடைசியில் இரண்டு நின்றுவிடுகிறது. இந்த வழி எங்களுக்கு ஒத்து வரவில்லை. பலகையில் 37 குழி.

குன்னூர்க்காரன்: 37 குழி பிரெஞ்சுப் பலகை. அதில் நடுக்குழியைக் காலியாக வைத்துத் தொடங்கினால் ஒற்றைக் கோலியில் முடியவே முடியாது, நடுவிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. தம்பியைத் திட்டாதீர்கள்.

ஏரிச்சாலை: தாத்தா முடித்துக் காட்டியதாக அம்மா சொல்கிறார். அம்மா பொய் சொல்ல மாட்டார்.

பண்ணைக்காட்டான்: பாருங்கள், இப்போது செத்துப்போன தாத்தாவையும் பொய்யர் ஆக்கியாயிற்று. மலைப்பூண்டு திரியிலும் இதே கதைதான், ஊட்டி வர்க்கியைத் தவிர உலகத்தில் எதற்கும் மணம் இல்லை என்றார். ஐயா, இடக்கை சுத்தம், சரி. மீதி 16 கோலி. நடுவில் ஒன்று வரை ஆடிக் காட்டுங்கள்.

குன்னூர்க்காரன்: நடுவில் முடியும் என்று இந்த வழியைப் பற்றி நான் எங்கே சொன்னேன்? 1-4 செத்ததா என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் சொல்கிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 33 குழியில் நடுவைக் காலி வைத்துத் தொடங்கினால் கடைசிக் கோலி நிற்கக்கூடிய இடம் ஐந்தே: நடுக்குழி, நான்கு கைகளின் ஓரத்து நடுக்குழிகள். அதாவது உங்கள் 1-4உம் அதில் ஒன்று. கடைசியில் 2-4உம் 3-4உம் மட்டும் மிஞ்சினால், மேலது தாண்டினால் 4-4, கீழது தாண்டினால் 1-4. ஆட்டமே முடியக்கூடிய குழியில் நிற்பதைச் செத்தது என்கிறீர்கள்.

கோத்தகிரி டீச்சர்: அப்படியானால் ஓரத்தில் முடித்தாலும் வெற்றிதானே?

குன்னூர்க்காரன்: டீச்சர், தலைப்பைப் படியுங்கள்.

பண்ணைக்காட்டான்: முடித்துக் காட்டச் சொன்னால் பாடம் நடத்துகிறார். முடிக்க முடியாத பலகையில் எல்லாக் கோலியும் செத்ததுதான்.

குன்னூர்க்காரன்: 1-4 செத்ததா, இல்லையா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை.

ஏரிச்சாலை: அம்மாவிடம் மறுபடி கேட்டேன். தாத்தா முடித்தது நடுவில்தானாம்.