செவலை எது, பிள்ளை எது? (அப்பாருவின் வண்டி மாடுகள்)

மேற்காலத் தோட்டத்துப் பேத்தி, டொராண்டோ:

ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

சங்க மலருக்கு எங்கள் அப்பாருவின் படம் ஒன்றைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். 1991 மாட்டுப்பொங்கல் அன்று எடுத்த கலர்ப் படம். வண்டியில் இரண்டு காளைகள் பூட்டி நிற்கின்றன. ஒன்றின் பெயர் செவலை, இன்னொன்றின் பெயர் பிள்ளை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். படத்துக்குக் கீழே பெயர்களைப் போட ஆசை. ஆனால் படத்தில் சிவப்பு மாடே இல்லை. இரண்டுமே சாம்பலும் வெள்ளையுமாக இருக்கின்றன. இடப்பக்கம் நிற்பதற்கு மட்டும் கழுத்தில் கொஞ்சம் கருப்பு ஓடுகிறது. இது வேறு ஜோடியா? யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள்.

களத்துவீட்டுத் தம்பி, சிங்கப்பூர்:

அக்கா, காயடித்தால் காங்கயம் காளைக்கு நிறம் மாறும். செவலையாக இருந்த காளை காயடித்த பிறகு சாம்பலாகியிருக்கும், அவ்வளவுதான். அப்புறம், வாட்ஸ்அப்பில் தமிழ் மாட்டுப் பெயர்கள் என்று ஒரு நீளமான பட்டியல் வருமே, என்னிடம் இருக்கிறது: கூடுகொம்பன், மட்டைக்கொம்பன், கட்டைக்காரி, பால்வெள்ளை, ஏறுவாலன்... அதில் செவலை உண்டு, "பிள்ளை" என்று தனியாக இல்லை. பெயரைத் தப்பாகக் கேட்டிருப்பீர்களோ?

தெற்கு வீதி, துபாய்:

நம் பக்கத்துக் குதிரைப் பெயர்களைப் பற்றிக் கேட்டதில் ரொம்ப சந்தோஷம். எங்கள் அப்பிச்சி ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிவந்த குதிரைக்கு ராணி என்று பெயர். "ராணிம்மா" என்றால்தான் வண்டிக்குள் பின்வாங்கி நிற்கும், வெறும் "ராணி" என்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. சிறுபாணாற்றுப்படையில் காரி என்ற வள்ளலின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். அவனோடு போரிட்ட ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். படத்தில் குதிரை எந்தப் பக்கம் நிற்கிறது?

பள்ளத்துத் தோட்டம், சிட்னி:

அம்மிணி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது வரைக்கும் நான் வண்டி ஓட்டியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி சொன்னதில் பாதி சரி. காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது சாம்பலாக மாறிவிடும். அதற்குக் காயடிக்க வேண்டியதில்லை, கிடாரிக் கன்றும் அப்படியேதான் மாறும். பிறகு பொலிகாளையாக விட்டால் திமில், கழுத்து, பின்தொடையெல்லாம் கருத்துக்கொண்டு போகும். காயடித்தால் அந்தக் கருப்பு ஏறாமல் வெளிறி நிற்கும். காயடிப்பு நிறத்தை மாற்றுவது அந்த அளவில்தான், சிவப்பை எடுப்பது அதன் வேலை அல்ல. கடைசி வரை சிவப்பாகவே இருக்கும் நிஜமான செவலை மாடுகளும் நம் பக்கம் உண்டு. ஆனால் உங்கள் அப்பாருவின் செவலை அந்த ரகம் இல்லை என்று படத்திலேயே தெரிகிறது. சிவப்பாக இருந்த கன்றுப் பருவத்தில் யாரோ கூப்பிட ஆரம்பித்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அப்படியானால் அது சந்தையில் வாங்கிய மாடாக இருக்காது, வீட்டுக் கன்றாகத்தான் இருக்கும். வளர்ந்த மாட்டைக் கண்ணபுரம் சந்தையில் பார்த்து வாங்கினவர், சாம்பல் மாட்டுக்குச் செவலை என்று புதிதாகப் பெயர் வைக்கமாட்டார். வாங்கின இடத்திலிருந்தே பெயர் கூட வந்திருக்கலாம், அது வேறு.

தம்பியின் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் மாட்டை அடையாளம் சொல்லும் சொற்கள். காணாமல் போன மாட்டைத் தேடும்போது "கூடுகொம்பன், வால் கட்டை" என்று சொல்வோம். அதையே வண்டியில் உட்கார்ந்து கூப்பிட முடியாது, வாய்க்கு நீளம். கூப்பிடும் பெயருக்கு வேலையே வேறு. போ, நில் என்பதெல்லாம் இரண்டு மாட்டுக்கும் பொது. ஒன்றை மட்டும் உசுப்ப வேண்டுமானால் பெயர்தான் வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது வலத்து மாடு எட்டி நடக்க வேண்டும், இடத்து மாடு அடங்க வேண்டும். கயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டு வலத்து மாட்டின் பெயரைச் சொன்னால் வண்டி தானாக வளைந்துவிடும். பள்ளத்து மணலில் சக்கரம் இறங்கினால் எந்த மாடு பின்தங்குகிறது என்று நுகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்தப் பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். அதன் பெயரைச் சொல்வோம். மேட்டில் ஏறினதும் இறங்கி, திமிலைத் தட்டி, அதே பெயரோடு "என் ராசா" சேர்த்துச் சொல்வோம். பெயர் அடிக்கு முன்னால் மட்டும் வந்தால் மாடு பெயரைக் கேட்டாலே மிரளும், அதனால் அப்பா அந்தத் தட்டலை ஒருநாளும் விட்டதில்லை.

இதில் நாங்கள் ஒருமுறை சிக்கிக்கொண்டோம். வீட்டில் வலத்து மாடு மயிலை. ஜோடி இறந்துபோய் வேறொன்று பிடித்துவந்தால் அதற்கும் மயிலை என்றே பெயர், இடப்பக்கம் பழகியது. பெரிய மயிலை, சின்ன மயிலை என்று பிரித்துப் பார்த்தோம். பிரயோசனமில்லை. வண்டியில் கத்தும்போது "பெரிய", "சின்ன" வாய்க்குள் அமுங்கிவிடும், "மயிலே" மட்டும் நீண்டு கேட்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காது திரும்பும், இரண்டும் சேர்ந்து இழுக்கும், திரும்ப வேண்டிய வண்டி நேராக வேலியில் போய் நின்றது. அப்புறம் அப்பா புதியதற்கு மயிலையையே எடுத்துவிட்டு "சின்னா" என்றார். பருத்திக்கொட்டையும் தவிடும் வைக்கும்போது தொட்டியருகே நின்று "சின்னா" என்று கூப்பிட்டு, காது திரும்பின பிறகுதான் தொட்டியை நகர்த்துவார். பத்துப் பதினைந்து நாளில் பிடித்துக்கொண்டது. பெரியதும் சில நாள் "சின்னா"வுக்குத் தலையைத் தூக்கியது, அதற்கும் தவிடு ஞாபகம்.

பிள்ளை என்பதும் நிறப் பெயர்தான் அம்மிணி. காரி, மயிலை, செவலை, பிள்ளை என்று சொல்வோம், பிள்ளை என்றால் வெள்ளை மாடு. அதனால் படத்தில் வலப்பக்கம் வெளுப்பாக நிற்பதே பிள்ளை.

வாய்க்கால் மேட்டு வீடு, நியூஜெர்சி:

மாமா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. எங்கள் ஆத்தா கட்டுத்தரையில் நின்று "பிள்ளே, தண்ணி குடி சாமி" என்று கூப்பிட்ட மாடு நல்ல மயிலை, வெள்ளை இல்லை. அந்த மாட்டின் தாய் கன்று போட்டதும் செத்துப்போனது, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று அது. அங்கே பிள்ளை என்றால் பிள்ளைதான். நிறத்தை மட்டும் வைத்து எல்லா வீட்டுக்கும் முடிவு சொல்ல முடியாது மாமா.

பள்ளத்துத் தோட்டம், சிட்னி:

உங்கள் வீட்டில் அப்படி இருந்திருக்கலாம். சந்தையில் பிள்ளை என்று கேட்டால் வெள்ளை மாட்டைத்தான் காட்டுவார்கள்.

மேற்காலத் தோட்டத்துப் பேத்தி, டொராண்டோ:

எல்லோருக்கும் நன்றி. தெற்கு வீதி அண்ணா, படத்தில் குதிரை இல்லைங்க, ராணியின் படம் இருந்தால் நீங்களும் மலருக்கு அனுப்புங்கள்.

நேற்று அப்பாவிடம் போனில் கேட்டேன். செவலை வீட்டுக் கன்றுதானாம். பெயர் வைத்தது அப்பாதான், அப்போது அவருக்கு ஒன்பது வயது. கன்று சாம்பலானதும் "மயிலைன்னு மாத்திக் கூப்பிடலாமா" என்று கேட்டிருக்கிறார். அப்பாரு, "அது காதுல ஏறின பேரு, விடு" என்று சொல்லிவிட்டாராம். கழுத்தில் கருப்பு ஓடும் இடத்து மாடு அதுவே.

பிள்ளை அதே ஊர்க்காரர் ஒருவரிடம் வாங்கியது. நிறத்தை வைத்தா, செல்லமாகவா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, வரும்போதே அந்தப் பெயரோடு வந்ததாம். "செவலே" என்று கூப்பிடும்போது அப்பாரு முதல் எழுத்தை இழுப்பார், "பிள்ளே"வில் கடைசியை இழுப்பார் என்று அப்பா போனிலேயே கூப்பிட்டுக் காட்டினார். படத்துக்குக் கீழே இப்படிப் போடுகிறேன்: இடம் செவலை, வலம் பிள்ளை, 1991.