ஓடாத படம் பிறகு எப்படிக் கொண்டாடப்படுகிறது? 'அன்பே சிவம்' பற்றி ஒரு விவாதம்

கார்த்திகா:
'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து ஓடவில்லை என்கிறார்கள். நான் அப்போது கைக்குழந்தை. இன்று அந்தப் படம் பிடிக்காது என்று சொல்பவரை நான் பார்த்ததே இல்லை. படம் அப்படியேதான் இருக்கிறது. அப்படியென்றால் நடுவில் மாறியது என்ன?

முத்துவேல்:
மாறியது ரசிகர்கள்தான். கம்யூனிசம், கடவுள், மனிதநேயம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் பேசினால் 2003-ல் யாருக்குப் புரியும்? காலத்துக்கு முன்னால் வந்த படம், அவ்வளவுதான். நல்ல படத்தை நாம் எப்போதும் முதலில் தோற்கடித்துவிட்டு அப்புறம்தான் கொண்டாடுவோம்.

சுந்தரி:
முத்துவேல் அண்ணா, புரியவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பா அப்போது தேனிப் பக்கம் ஒரு சின்னத் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். படம் வந்த வாரம் நான் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். படம் விட்டு வந்தவர்கள் "புரியல" என்று சொல்லவில்லை. "சிரிக்கலாம்னு வந்தோம்" என்றுதான் சொன்னார்கள்.

அது நியாயமும்கூட. ஆறு மாதம் முன்னால்தான் கமலின் சிரிப்புப் படம் 'பஞ்சதந்திரம்' வந்திருந்தது. இந்தப் படத்துக்கு இயக்குநர் சுந்தர் சி. அவர் பெயரைக் கேட்டாலே 'உள்ளத்தை அள்ளித்தா' ஞாபகம் வரும். பொங்கலுக்குக் குடும்பத்தோடு கிளம்பி வந்தால், திரையில் கமல் முகமெல்லாம் தழும்போடு தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார். அதே பொங்கலுக்கு விக்ரமின் 'தூள்' வேறு. ஒரு தெரு தள்ளி இருந்த தியேட்டரில் அதற்கு விசில் அடிப்பது எங்கள் வாசல் வரைக்கும் கேட்கும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அப்பா படச்சுருள் பொட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஞானசேகரன்:
சுந்தரி அம்மா சொன்ன அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமையில்தான் விஷயமே இருக்கிறது. தியேட்டரில் ஒரு படத்தின் தலையெழுத்தை எழுதுவது முதல் வாரம் வந்தவர்கள். அவர்கள் படத்துக்காக வருவதில்லை, விளம்பரமும் நடிகரும் இயக்குநரும் சேர்ந்து கொடுத்த ஒரு வாக்குறுதிக்காக வருகிறார்கள். அந்த வாக்குறுதி வேறு, படம் வேறு என்றால் படம் நன்றாக இருந்தும் விழும். அதை விரும்பக்கூடியவர் விஷயம் கேள்விப்பட்டுக் கிளம்புவதற்குள் பொட்டி போய்விடுகிறது.

அதனால், விழுந்த படத்துக்கு மறுவாழ்வு வேண்டுமென்றால், அது யாரோ ஒருவருக்குச் சல்லிசாகக் கிடைத்து, அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஃபிராங்க் காப்ரா இயக்கி, ஜேம்ஸ் ஸ்டீவர்ட் நடித்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946 டிசம்பரில் வந்தது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் போட்ட காசு தேறவில்லை. அன்றைய சட்டப்படி காப்புரிமை 28 வருடம். அது முடியும்போது உரிமையாளர் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். 1974-ல் இந்தப் படத்தை வைத்திருந்த நிறுவனம் அதைச் செய்யாமல் விட்டுவிட்டது. உடனே ஊர் ஊராக இருந்த உள்ளூர்த் தொலைக்காட்சிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் காசு கொடுக்காமல் இதை ஒளிபரப்ப ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் பல சேனல்களில் பல தடவை. ஒரு தலைமுறையே இதைப் பண்டிகையோடு சேர்த்துப் பார்த்து வளர்ந்தது. பிறகு 1993-ல் உரிமையாளர்கள் விழித்துக்கொண்டார்கள். படத்தின் மூலக்கதைக்கான உரிமை உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்லி இலவச ஒளிபரப்பை நிறுத்தினார்கள். அதற்குள் அது அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸ் படமாகவே ஆகிவிட்டது.

'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1994-ல் வந்த அந்தப் படத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் செலவானது, முதல் சுற்றில் சுமார் ஒன்றரைக் கோடிதான் வந்தது. அப்புறம் வீடியோ வாடகைக் கடைகளில் பிய்த்துக்கொண்டு போனது. 1997 முதல் டி.என்.டி. சேனல் விடாமல் போட்டது. படத்தைத் தயாரித்த நிறுவனமும் அந்தச் சேனலும் டெட் டர்னர் தொடங்கிய தொலைக்காட்சிக் குழுமத்தின் ஒரே குடைக்குள் இருந்தன. அதனால் அவர்களுக்கு அடிக்கடி போடுவது கட்டுப்படியானது.

முத்துவேல்:
சார், அப்படியென்றால் எந்தக் குப்பையையும் நூறு தடவை போட்டால் கொண்டாடிவிடுவார்களா? நம் சேனல்களில் மதியம் மதியம் போடாத படமா? அதில் பாதிக்குப் பெயரே யாருக்கும் ஞாபகமில்லை. படத்தின் தரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஞானசேகரன்:
சரியான கேள்வி தம்பி. அமெரிக்காவிலும் காப்புரிமை போன படங்கள் ஏராளம், எல்லாமே கொண்டாடப்படவில்லை. திரும்பத் திரும்பப் போடுவது கதவைத் திறந்து விடுவது மாதிரி. உள்ளே வருகிறவரை உட்கார வைக்கப் படத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஆனால் அந்த 'ஏதாவது' என்பதும் நீங்கள் சொல்லும் தரமும் ஒன்றல்ல. தொலைக்காட்சியில் யாரும் படத்தை முதலிலிருந்து பார்ப்பதில்லை. சமையல் முடித்துவிட்டு வந்து பாதியில் உட்காருவார்கள். ஒரு மர்மக் கதையை அப்படிப் பார்க்க முடியாது. 'அன்பே சிவ'த்தை முடியும். புவனேஸ்வரத்தில் மழையில் விமானம் ரத்தாகிறது, ஒட்டவே ஒட்டாத இரண்டு பேர் சென்னை வரை சேர்ந்து வர வேண்டியிருக்கிறது. ரயில், பஸ், நடை என்று வழியில் நடப்பதெல்லாம் தனித்தனி அத்தியாயங்கள். எதில் நுழைந்தாலும் ஐந்து நிமிடத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவன் ஆம்புலன்ஸில் இறந்துபோகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அதுவரை எல்லாரையும் அலட்சியமாகப் பேசிக்கொண்டு வந்த மாதவன் உடைந்து அழுகிறார். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக அழுகிற அந்த மனசுதான் கடவுள் என்று கமல் சொல்கிறார். இந்த ஒரு காட்சியை மட்டும் பார்த்தவருக்கும் முழுப் படத்தின் சாரம் கிடைத்துவிடும். ஒரு நாள் இந்தக் காட்சி, இன்னொரு நாள் விமான நிலையம், மூன்றாவது தடவை உட்கார்ந்து முழுப் படம் என்றுதான் பலருக்கும் இது சேர்ந்தது. எனக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு யாரும் 'சிரிக்கலாம்' என்று வாக்குறுதி கொடுக்கவில்லை. சுந்தரி அம்மாவின் கவுண்டரில் இருந்த ஏமாற்றம் அங்கே கிடையாது.

ஜெயசீலன்:
அண்ணா, நான் ஒரு 22 நிமிடக் குறும்படம் எடுத்து யூடியூபில் போட்டேன். எட்டு மாதத்தில் 430 பேர்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்த சிலர் காலத்துக்கு முந்திய படைப்பு என்றார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் திரும்பத் திரும்பப் பகிர்ந்துகொண்டே இருந்தால் இதுவும் ஒரு கூட்டம் விடாமல் கொண்டாடுகிற கல்ட் படம் ஆகிவிடுமா?

ஞானசேகரன்:
தம்பி, நீங்களே பகிர்வது வேறு, பார்த்தவர் அடுத்தவரை இழுத்துவந்து உட்கார வைப்பது வேறு. இரண்டாவது நடந்தால்தான் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிற விஷயம். அதை உங்களால் நடத்திவைக்க முடியாது. ஆனால் அது நடக்கும் நாளில் படம் கிடைக்காமல் போகாதபடி பார்த்துக்கொள்ளலாம். முழுத் தரத்தில் உள்ள மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். இசைக்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். உரிமை யாரிடம் என்பதை நண்பர்களுக்குள் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் தொலைந்து, உரிமை வழக்கில் சிக்கி, திரும்பி வர வழியே இல்லாமல் போன தமிழ்ப் படங்கள் நிறைய. அதில் எத்தனை 'அன்பே சிவம்' இருந்தது என்று நமக்கு இனித் தெரியப் போவதில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இளவேனில்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இரண்டு இடத்தில் உடன்பாடில்லை.

முதலாவது, 'தோற்ற படம்' என்ற பட்டத்தையே அப்படியே நம்பக் கூடாது. 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தது. பல வருடம் அது மாபெரும் தோல்வி என்றே பேசினோம். 2021-ல் செல்வராகவனே ட்விட்டரில் எழுதினார்: உண்மையான செலவு 18 கோடி, பிரம்மாண்டப் படம் என்று காட்டுவதற்காக 32 கோடி என்று அறிவித்தோம், போட்ட காசை எடுத்தும் சுமார் படம் என்ற பெயர்தான் கிடைத்தது என்று. தெலுங்கில் 'யுகானிக்கி ஒக்கடு' என்ற பெயரில் நன்றாகவே ஓடியது. 2021 கடைசி நாளில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் மறுபடி வெளியிட்டபோது, வசனம் வருவதற்கு முன்பே கூட்டம் வசனத்தைச் சொன்னது. நான் அந்தக் கூட்டத்தில் நின்றவன். எவ்வளவு செலவு, வாங்கி வெளியிட்டவருக்கு நஷ்டமா, எந்த ஊரில் எந்த மொழியில் ஓடவில்லை என்று பிரித்துக் கேட்காமல் தோல்வி என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, 'அன்பே சிவம்' கல்ட் படமே இல்லை. எல்லாருக்கும் பிடித்த படம் எப்படிக் கல்ட் ஆகும்? 1975-ல் வந்து விழுந்த 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'வைப் பாருங்கள். 1976 ஏப்ரலில் நியூயார்க் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள், திரையைப் பார்த்துப் பதில் பேசினார்கள். திருமணக் காட்சியில் அரிசி வீசினார்கள், மழைக் காட்சியில் செய்தித்தாளைத் தலையில் பிடித்துக்கொண்டார்கள். வெளியே இருப்பவருக்கு ஒன்றுமே புரியாது, உள்ளே இருப்பவருக்கு அது ஒரு திருவிழா. அங்கே படத்தை மீட்டது தொலைக்காட்சியும் இல்லை, காப்புரிமையும் இல்லை. ஒரு தியேட்டரும் ஒரு கூட்டமும்தான்.

ஞானசேகரன்:
முதலாவதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன், 18 கோடி விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. இரண்டாவதில் பாதி. நள்ளிரவுக் காட்சியும் ஒரு சல்லிசான வழிதானே? வேறு எந்தப் படமும் ஓடாத நேரம் அது. தியேட்டர்காரருக்கு இழக்க அதிகம் இல்லை. ஆனால் கூட்டமாகக் கூடிக் கொண்டாடுவதும், தனியாக வீட்டில் உட்கார்ந்து அழுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குமா என்பது எனக்கும் சந்தேகம்தான்.

முத்துவேல்:
நான் இன்னும் ரசிகர்கள் மாறினார்கள் என்றே சொல்வேன். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தப் படத்தில் வரும் 'சுனாமி' என்ற சொல்லைக் கேட்டுச் சிலிர்த்தவர்கள் எத்தனை பேர்! முதல் வாரம் பார்த்தவருக்கு அது வெறும் சொல். பிறகு பார்த்தவருக்கு அப்படி இல்லை. அது கிடைக்கிற வழியால் வந்த மாற்றம் இல்லையே, சார்.

கார்த்திகா:
இதை நான் யோசிக்கவே இல்லை. சுந்தரி அக்கா, ஒன்று கேட்கலாமா? அப்பா அந்தப் படத்தை அப்புறம் பார்த்தாரா?

சுந்தரி:
பார்த்தார் கார்த்திகா. தியேட்டரை விட்ட பிறகு, வீட்டில், தொலைக்காட்சியில். ஞானசேகரன் சார் சொன்ன மாதிரி பாதியிலிருந்துதான். 2003-ல் அவர் அதை முழுதாகப் பார்த்திருக்கவில்லை, ஆபீஸ் அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். ஆம்புலன்ஸ் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு வாரம் வெச்சிருந்திருக்கலாமாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைசி வியாழக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் பதினோரு டிக்கெட்தாம்மா" என்றார்.